குரூப் ஹெட்டில் கசிவு: கழுவினால் போதுமா, கேஸ்கெட் மாற்ற வேண்டுமா, ஷவர் ஸ்கிரீனும் சேர்த்தா?

எஸ்ப்ரெஸ்ஸோ மெஷினில் காபி இறங்கும்போது, தூளை நிரப்பிக் குரூப் ஹெட்டில் பூட்டும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டரின் விளிம்பைச் சுற்றித் தண்ணீர் கசிகிறது. கோப்பையின் வெளிப்புறமெல்லாம் பழுப்புத் துளிகள். பிரஷர் கேஜின் முள்ளும் வழக்கமாக நிற்கும் 9 பாருக்கு வராமல் ஆறிலும் ஏழிலும் தடுமாறுகிறது. இந்த இரண்டும் ஒன்றாக வந்தால் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: குரூப் ஹெட்டுக்கும் போர்ட்டாஃபில்டருக்கும் நடுவில் தண்ணீரை அடைக்கும் வளையமான கேஸ்கெட் போய்விட்டது, அந்த இடைவெளியில் தண்ணீர் தப்பிப் போகிறது, அதனால்தான் பிரஷர் விழுகிறது. புதுக் கேஸ்கெட் ஒன்று போட்டால் இரண்டும் சரியாகிவிடும்.

இ61 என்ற வகைக் குரூப் ஹெட் உள்ள என் மெஷினில் இப்படி ஆனபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். அதில் பாதி சரி, பாதி தப்பு. கசிவுக்குக் காரணம் கேஸ்கெட்தான். பிரஷர் விழுந்ததற்குக் காரணம் வேறு. அது தெரியாமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றியிருந்தால் கசிவு நின்றிருக்கும், காபி அதே மாதிரி புளித்துக்கொண்டே இருந்திருக்கும், நான் பம்ப்பைச் சந்தேகப்பட ஆரம்பித்திருப்பேன்.

இந்த நிலைமையில் நம் முன்னால் இருக்கும் வழிகள்: கழற்றிக் கழுவுவது, ரப்பர் கேஸ்கெட் போடுவது, சிலிக்கோன் கேஸ்கெட் போடுவது, தடிமன் கூடிய கேஸ்கெட்டுக்குப் போவது, தண்ணீரைத் தூளின் மேல் பரப்பிவிடும் வலைத்தட்டான ஷவர் ஸ்கிரீனையும் மாற்றுவது, கடைசியாக மெக்கானிக்கிடம் விடுவது. எது யாருக்கு என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு சோதனையைச் செய்துவிட வேண்டும். அதைச் செய்தாலே பாதி வழிகள் தானாகக் கழிந்துவிடும்.

முதலில் துளையில்லா பாஸ்கெட்

பாஸ்கெட் என்பது போர்ட்டாஃபில்டருக்குள் தூளைப் பிடிக்கும் துளைக் கிண்ணம். பேக்ஃப்ளஷ் செய்வதற்காக, அதாவது தண்ணீரை மேலே திருப்பிவிட்டு உள்பக்கத்தைக் கழுவுவதற்காக, துளையே இல்லாத பாஸ்கெட் ஒன்று பல மெஷின்களோடு வரும். அது இல்லையென்றால் சாதாரண பாஸ்கெட்டுக்குள் வைக்கும் ரப்பர் தட்டு கிடைக்கும். அதைப் போர்ட்டாஃபில்டரில் போட்டு, வழக்கம்போல் பூட்டி, பம்ப்பை ஓட விடுங்கள். தண்ணீருக்குக் கீழே போக வழியில்லை. அதனால் கேஜ் முள் சட்டென்று ஏறி, மிஞ்சும் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பும் பைபாஸ் வால்வு எந்த அளவுக்கு வைக்கப்பட்டிருக்கிறதோ அங்கே நிற்க வேண்டும். பெரும்பாலும் அது 9-க்கும் 10-க்கும் நடுவில் இருக்கும். பைபாஸ் வால்வைக் கூட்டி வைத்த மெஷின்களில் இன்னும் மேலே போகும்.

ஒரு எச்சரிக்கை. மூன்று வழி வால்வு உள்ள மெஷின்களில் மட்டும் இதைச் செய்யுங்கள். அந்த வால்வுதான் பம்ப் நின்றதும் உள்ளே மிச்சமிருக்கும் பிரஷரைக் கீழே தட்டில் வடித்துவிடுகிறது. இ61-இல் அதே வேலையைத் தூக்கும் லீவரும் அதன் அடியிலுள்ள வால்வும் சேர்ந்து செய்கின்றன. அந்த ஏற்பாடு இல்லாத சிறிய மெஷினில் துளையில்லா பாஸ்கெட்டைப் போட்டால் பிரஷர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அவசரப்பட்டுக் கழற்றினால் கொதிநீர் முகத்தில் தெறிக்கும்.

சரி, என் மெஷினில் என்ன நடந்தது? போர்ட்டாஃபில்டருக்கு அடியில் ஒரு அகலமான கிண்ணத்தை வைத்தேன். பாஸ்கெட்டில் துளையில்லாததால் கிண்ணத்தில் விழுவது முழுக்க விளிம்புக் கசிவுதான். 20 வினாடி ஓட்டினேன். லீவரை இறக்குவதற்கு முன் கிண்ணத்தை எடுத்துவிட்டேன், இல்லாவிட்டால் வால்வு வழியாக வடியும் நீரும் அதில் சேர்ந்துவிடும். தராசில் வைத்தால் 4 கிராம். அதாவது நிமிடத்துக்குச் சுமார் 12 மில்லி. துளிகள் முழுக்க இடது பின்பக்கத்திலிருந்துதான் வந்தன.

ஆனால் கேஜ் முள்? அது அசையாமல் 9.5-இல் நின்றது.

நான் வியந்தது அங்கேதான். கசிவு கண்ணுக்குத் தெரிகிறது, பிரஷரோ குறையவே இல்லை. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வீட்டு மெஷின்களில் இருக்கும் சிறிய அதிர்வு பம்ப் 9 பார் எதிர்ப்பிலும் நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லி தள்ளக்கூடியது. ஒரு எஸ்ப்ரெஸ்ஸோவுக்குக் காபித்தூள் வழியாகப் போவது அதில் பாதிகூடக் கிடையாது: 28 வினாடியில் 36 கிராம் என்றால் நிமிடத்துக்கு எண்பது மில்லிக்கும் குறைவு. மிச்சமெல்லாம் பைபாஸ் வால்வு வழியாகத் தொட்டிக்கே திரும்பிப் போகிறது. விளிம்பில் 12 மில்லி கசிந்தால், பைபாஸில் திரும்புவது 12 மில்லி குறையும், அவ்வளவுதான். கேஜுக்கு அது தெரியவே தெரியாது.

ஆகவே சொட்டுச் சொட்டாக விழும் கசிவு பிரஷரைக் கீழே இழுக்காது. இழுக்க வேண்டுமென்றால் கசிவு ஒழுகலாக, கம்பி மாதிரி ஓட வேண்டும். பைபாஸ் வால்வே இல்லாத மெஷின்கள் இதற்கு விலக்கு. அவற்றில் சின்னக் கசிவும் முள்ளைக் கொஞ்சம் இறக்கும், ஆனாலும் இரண்டு மூன்று பார் இறக்காது.

சோதனையின் விடை மூன்று விதமாக வரலாம். முள் ஏறி நிற்கிறது, கசிவும் இல்லை என்றால் மெஷினில் குறையில்லை. அரைப்பு, தூளின் அளவு, ஷவர் ஸ்கிரீன் மூன்றையும் பாருங்கள். முள் ஏறுகிறது, கசிவும் இருக்கிறது என்றால் கேஸ்கெட் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. ஆனால் காபி இறங்கும்போது பிரஷர் விழுவதற்குக் காரணம் தனி. முள் ஏறவே இல்லை, விளிம்பும் காய்ந்திருக்கிறது என்றால் தண்ணீர் வேறெங்கோ போகிறது. பம்ப் ஓடும்போதே வடிகுழாயில் தண்ணீர் ஓடினால் மூன்று வழி வால்வு சரியாக மூடவில்லை. அதுவும் இல்லையென்றால் பம்ப் அல்லது பைபாஸ் வால்வு. இந்த மூன்றாவது நிலையில் கேஸ்கெட் வாங்குவது வீண் செலவு.

இன்னொன்று: பம்ப் நின்ற பிறகும் ஷவர் ஸ்கிரீனின் நடுவிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தால் அது விளிம்புக் கசிவே இல்லை. கேஸ்கெட் போர்ட்டாஃபில்டர் பூட்டியிருக்கும்போது மட்டும் வேலை செய்வது. போர்ட்டாஃபில்டரைக் கழற்றிய பின்னும் சொட்டுகிறதென்றால் உள்ளே ஒரு வால்வு மூடவில்லை.

கழுவுவது மட்டும் போதுமா?

என் நிலை இரண்டாவது வகை. முள் ஏறுகிறது, கசிகிறது. ஆனால் 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காபி 17 வினாடியில் இறங்கிவிடுகிறது, அப்போது முள் 6.5. அரைப்பை நான் மாற்றவில்லை, கொட்டையும் அதே கொட்டை. அப்படியென்றால் தூள் ஏன் திடீரென்று எதிர்ப்பை இழந்தது?

போர்ட்டாஃபில்டர் இல்லாமல் லீவரைத் தூக்கிப் பார்த்தேன். ஷவர் ஸ்கிரீன் நன்றாக இருந்தால் தண்ணீர் முழு வட்டத்திலும் மழை மாதிரி விழ வேண்டும். என்னுடையதில் வலது பாதியில் மட்டும் விழுந்தது, அதுவும் இரண்டு இடங்களில் கம்பியாக. அந்தக் கம்பி தூளில் ஒரே இடத்தில் குத்தி ஓட்டை போட்டுவிடுகிறது. தண்ணீர் அந்த ஓட்டை வழியாகவே ஓடிவிட, மிச்சத் தூள் நனைந்ததோடு சரி. எதிர்ப்பு போய்விட்டதால் பிரஷரும் ஏறவில்லை. காபி முடிந்து தட்டிய தூள் வில்லையைப் பார்த்தாலே இது தெரியும்: ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் இறுக்கம், எங்காவது ஊசித் துளை.

முழுக்க அடைத்த ஸ்கிரீன் இதற்கு நேர்மாறாகக் காட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முள் நன்றாக ஏறி நிற்கும், கோப்பையில் மட்டும் காபி நூல் மாதிரி இறங்கும். கேஜ் ஸ்கிரீனுக்கு முன்னால் இருப்பதால் அது அடைப்புக்கு மேலிருக்கும் பிரஷரைத்தான் காட்டுகிறது.

கழுவுவதன் பெரிய சாதகம், அது எதையும் கெடுக்காது, எதையும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே மெஷினின் அமைப்பைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. ஸ்கிரீனை நடுவில் ஒரு திருகு பிடித்திருக்கும் மெஷின்களில் திருகைக் கழற்றினால் ஸ்கிரீன் கையோடு வந்துவிடும், கேஸ்கெட்டைத் தொடவே வேண்டாம். அந்த வகை மெஷின் உள்ளவர்கள் யோசிக்காமல் முதலில் கழுவட்டும். பத்து நிமிட வேலை.

இ61-இல் அப்படியில்லை. ஸ்கிரீன் கேஸ்கெட்டுக்குள் அழுந்திப் பொருந்தியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தே வெளியே வரும். கேஸ்கெட் மென்மையாக இருக்கும்வரை ஒரு கரண்டியின் விளிம்பால் நெம்பினால் வந்துவிடும். அது இறுகிப்போன பின் நெம்பினால் துண்டு துண்டாக உடைந்துதான் வரும். அதாவது இ61-இல் பழைய கேஸ்கெட்டை வைத்துக்கொண்டு ஸ்கிரீனை மட்டும் கழுவுவது என்ற வழி ஒரு வயதுக்கு மேல் கிடையாது. புதுக் கேஸ்கெட் கையில் இல்லாமல் நெம்ப ஆரம்பித்தால் அது வந்து சேரும்வரை காபி இல்லை. எனக்கு இதை அனுபவம்தான் சொல்லிக்கொடுத்தது, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

கழற்றாமல் செய்யக்கூடியது பேக்ஃப்ளஷ். துளையில்லா பாஸ்கெட்டில் எஸ்ப்ரெஸ்ஸோ மெஷினுக்கான கழுவும் பொடி 3 கிராம் அளவு, பத்து வினாடி ஓட்டம், பத்து வினாடி நிறுத்தம், இப்படி ஐந்து முறை. பிறகு பொடி இல்லாமல் வெறும் தண்ணீரில் அதேபோல ஐந்து முறை. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் பொடி கலந்த வெந்நீர் ஸ்கிரீன் வழியாக மேலே திரும்பிப் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பது அதுதான். இ61-இல் பொடி போட்டு அடிக்கடி செய்தால் லீவரின் உள்பாகத்திலுள்ள மசகும் கழன்றுவிடும். லீவர் கிறீச்சிட ஆரம்பித்தால் அதற்கு உணவுத் தரமுள்ள கிரீஸ் போட வேண்டும்.

என் மெஷினில் இரண்டு சுற்று பேக்ஃப்ளஷுக்குப் பிறகு அதே தூள், அதே அரைப்பு: 22 வினாடி, முள் ஏறத்தாழ 8. கசிவு மட்டும் இம்மியும் குறையவில்லை. பிரஷர் குறைந்ததும் கசிவும் இரண்டு வேறு நோய்கள் என்பது அதோடு உறுதியாகிவிட்டது.

கழுவுவது கசிவையும் நிறுத்தும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. கேஸ்கெட்டின் முகத்தில் தூள் படிந்து, சூட்டில் வெந்து, கெட்டியான ஒரு தடமாக மாறியிருக்கும். பாஸ்கெட்டின் விளிம்பு அந்தத் தடத்தின் மேல் உட்கார்ந்தால் பக்கத்தில் இடைவெளி விழும். நைலான் பிரஷால் வளையம் முழுக்கத் தேய்த்து, பாஸ்கெட் விளிம்பையும் துடைத்துவிட்டுத் துளையில்லா பாஸ்கெட் சோதனையை மறுபடி செய்யுங்கள். கசிவு பாதிக்குமேல் குறைந்தால் கேஸ்கெட்டுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. கூடவே தூள் அதிகமாகிறதா என்றும் பாருங்கள்: நிரப்பி அழுத்திய தூளின் மேல் ஒரு சின்ன நாணயத்தை வைத்துப் பூட்டிக் கழற்றுங்கள். நாணயம் தூளுக்குள் அழுந்திப் பதிந்திருந்தால் தூள் ஸ்கிரீனை முட்டுகிறது. கேஸ்கெட் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அப்போது பாஸ்கெட் முழுசாக மேலே ஏறாது. ஒன்றிரண்டு கிராம் குறைத்தால் கசிவு நின்றுவிடும்.

கேஸ்கெட் செத்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

கைப்பிடியைப் பார்த்தாலே போதும். போர்ட்டாஃபில்டரை இடப்பக்கம் நுழைத்து வலப்பக்கம் திருப்புகிறோம். புதுக் கேஸ்கெட்டில் கைப்பிடி நேராக நம்மை நோக்கி வருவதற்குக் கொஞ்சம் முன்பே இறுகிவிடும். மாதங்கள் போகப் போக அது நேராக வரும், அப்புறம் நேர்க்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போக ஆரம்பிக்கும். என்னுடையது நேர்க்கோட்டிலிருந்து இரண்டு விரற்கடை வலது பக்கம் போயிருந்தது. முழு பலத்தையும் போட்டால்தான் அங்கேயும் நிற்கும்.

இரண்டாவது அடையாளம் நகம். மெஷின் ஆறியிருக்கும்போது கேஸ்கெட்டின் முகத்தில் நகத்தை அழுத்துங்கள். நல்ல ரப்பர் உள்வாங்கி மீளும். இறுகியது பிளாஸ்டிக் மாதிரி நகத்தைத் தள்ளும். அதில் வெடிப்பு தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் பலர் செய்வது இன்னும் பலமாக இறுக்குவது. ஓரிரு வாரம் கசிவு நிற்கவும் செய்யும். ஆனால் குரூப்பின் உள்ளே போர்ட்டாஃபில்டரின் இரண்டு காதுகளும் சரியும் பித்தளை மேடை இருக்கிறதே, தேய்வது அதுதான். கேஸ்கெட்டை மாற்றலாம், அந்த மேடையை அப்படி மாற்ற முடியாது.

ரப்பரா, சிலிக்கோனா?

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

மெஷினோடு வருவது பெரும்பாலும் ரப்பர், நைட்ரைல் அல்லது ஈபிடிஎம் வகை. கெட்டியானது. பூட்டும்போது எங்கே இறுகுகிறது என்று கைக்குத் தெளிவாகத் தெரியும். பாஸ்கெட்டின் கூர்மையான விளிம்பு தினமும் அழுத்தினாலும் கிழியாது. விலையும் குறைவு. அதன் எதிரி சூடு. குரூப் ஹெட் எப்போதும் 90 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தச் சூட்டில் ரப்பர் மாதா மாதம் இறுகிக்கொண்டே போகும். தினமும் பல மணி நேரம் மெஷினைப் போட்டு வைப்பவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டி வரும். காலையில் ஒரு மணி நேரம் மட்டும் போடுபவர்களுக்கு அதைவிடக் கூடுதலாக வரும். எத்தனை கோப்பை போட்டோம் என்பதைவிட எத்தனை மணி நேரம் சூட்டில் இருந்தது என்பதுதான் கணக்கு.

சிலிக்கோனுக்கு அந்தச் சூடு பொருட்டே இல்லை. வருடங்கள் போனாலும் மென்மை மாறாது. பூட்டப் பாதி பலம் போதும். இ61 வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு லாபம் இருக்கிறது, எனக்கு அதுவே பெரிதாகப் பட்டது: கேஸ்கெட் இறுகாததால் ஸ்கிரீனை எப்போது வேண்டுமானாலும் நெம்பி எடுத்துக் கழுவி, அதே கேஸ்கெட்டோடு திரும்ப மாட்டலாம். மேலே சொன்ன ‘உடைந்துதான் வரும்’ பிரச்சினையே எழாது.

குறையும் உண்டு. மென்மையாக இருப்பதால் எங்கே நிறுத்துவது என்று கைக்குச் சட்டென்று தெரியாது. ரப்பரில் பழகிய கை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருப்பிக்கொண்டே போகும். அதனால் கைப்பிடி ஆரம்பத்திலேயே நேர்க்கோட்டுக்கு வந்துவிடலாம். பித்தளை மேடை ஏற்கெனவே தேய்ந்த பழைய மெஷினில் அது நேர்க்கோட்டையும் தாண்டிவிடலாம். அப்புறம், நெம்பும்போது கூரான கருவி பட்டால் சிலிக்கோன் சுலபமாகக் கிழியும். பாஸ்கெட் விளிம்பில் பிசிறோ நசுங்கலோ இருந்தால் அது சிலிக்கோனை மெதுவாக அறுத்துவிடும்.

என் முடிவு இது. இ61 அல்லது அதுபோல் ஸ்கிரீனைக் கேஸ்கெட் பிடித்திருக்கும் மெஷின், பாஸ்கெட் விளிம்பு ஒழுங்காக இருக்கிறது, வீட்டு உபயோகம் என்றால் சிலிக்கோன். ஸ்கிரீனைத் திருகு பிடித்திருக்கும் மெஷின் என்றால் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. ரப்பர் வாங்கி வருடா வருடம் மாற்றினாலும் ஒன்றும் குறைந்துவிடாது. நாள் முழுக்கப் பலர் கைபடும் மெஷினுக்கு நான் ரப்பரையே சொல்வேன், பத்துக் கைகளுக்கும் நிறுத்தும் இடம் தெரிய வேண்டும். சில மெஷின்கள் ஆரம்பத்திலேயே சிலிக்கோன் வளையத்தோடு வருகின்றன. அவற்றில் கேள்வியே இல்லை, அதே வளையத்தைத்தான் வாங்க வேண்டும்.

தடிமன்

இ61-க்கான கேஸ்கெட் வெளிவிட்டம் 73 மி.மீ., உள்விட்டம் 57 மி.மீ. தடிமன் மட்டும் 8 மி.மீ., 8.5 மி.மீ. என்று வேறுபடும். கசிவு என்றதும் தடிமனானதை வாங்குவோம், நன்றாக இறுகும் என்று தோன்றும். என் நண்பர் அப்படித்தான் 8.5 ரப்பரை வாங்கிப் போட்டார். அவர் மெஷின் புதிது, மேடை தேயவில்லை. கைப்பிடி நேர்க்கோட்டுக்கு வெகு முன்பே, நுழைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. காதுகளின் நுனி மட்டும்தான் மேடையில் தொற்றியிருந்தது. அந்த நிலையில் 9 பார் பிரஷரைக் கொடுத்தால் போர்ட்டாஃபில்டர் கழன்று தெறிக்கக்கூடும். அவர் பலம் போட்டுத் திருப்பினார், மெஷினே மேசையில் நகர்ந்தது. கடைசியில் 8-க்குத் திரும்பினார்.

8.5 யாருக்கு என்றால், புது 8 மி.மீ. கேஸ்கெட் போட்ட அன்றே கைப்பிடி நேர்க்கோட்டைத் தாண்டிப் போகிறவர்களுக்கு. அப்போதுதான் மேடை தேய்ந்திருக்கிறது என்று பொருள். 8 மி.மீ. கேஸ்கெட்டுக்கு மேல் மெல்லிய காகித வளையம் ஒன்றை வைப்பதும் இதே வேலையைச் செய்யும். அதனால் எப்போதும் 8-இல் ஆரம்பிப்பது நல்லது. மற்ற மெஷின்களுக்கு அளவு வேறு. பழையதைக் கழற்றி அளந்து வாங்கலாம் என்றால், நசுங்கிய கேஸ்கெட் தன் பழைய தடிமனைக் காட்டாது. மெஷினின் மாடலைச் சொல்லி வாங்குவதே சரி.

கழற்றி மாட்டியது

பிளக்கைப் பிடுங்கி, பாய்லர் பிரஷர் பூஜ்யத்துக்கு வரும்வரை விட்டேன். முழுக்கக் குளிர்ந்தால் பழைய ரப்பர் கல்லாகிவிடும். கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது செய்வது எளிது. கரண்டியால் நெம்பினேன், எதிர்பார்த்தபடி அசையவில்லை. இரண்டு சின்ன மரத்திருகுகளை எதிரெதிர் இடங்களில் ரப்பருக்குள்ளேயே பாதி முறுக்கி, குறடால் ஒன்றை மாற்றி ஒன்றாகக் கீழே இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் ஸ்கிரீனோடு வந்தது, ஒரு துண்டைப் பள்ளத்திலேயே விட்டுவிட்டு. திருகு ரப்பரைத் தாண்டி உலோகத்தைக் கீறக் கூடாது, கவனம். கேஸ்கெட் உட்காரும் அந்தப் பள்ளத்தில் கீறல் விழுந்தால் அதன் வழியாகத் தண்ணீர் மேலிருந்து சுற்றிக்கொண்டு வரும்.

மிச்சத் துண்டையும் கரியையும் மரக்குச்சியால் சுரண்டினேன். இந்த இடத்தை அவசரத்தில் விட்டுவிடுபவர்கள்தான் புதுக் கேஸ்கெட் போட்டும் கசிகிறது என்கிறார்கள். பள்ளத்தில் ஒரு பக்கம் கரி இருந்தால் கேஸ்கெட் சாய்ந்து உட்காரும், சாய்வின் எதிர்ப்பக்கம் கசியும். என் பழைய கசிவு இடது பின்பக்கத்தில் மட்டும் வந்ததற்கும் அதுதான் காரணம் போலிருக்கிறது. வலது முன்பக்கப் பள்ளத்தில் கரி மேடு கட்டியிருந்தது.

ஸ்கிரீனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். ஒரு பாதியில் புள்ளி புள்ளியாக ஒளி, மறு பாதி இருட்டு. கழுவும் பொடி கரைத்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டுப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தேன். தண்ணீர் தேநீர் நிறமானது. அலுமினியப் பாகங்களை அந்தக் கரைசலில் போடக் கூடாது, கறுத்துவிடும்.

புது கேஸ்கெட்டின் ஒரு முகம் விளிம்பில் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். இ61-இல் அந்தச் சரிவு மேல் நோக்கிப் போக வேண்டும், தட்டையான முகம் நம்மைப் பார்க்க வேண்டும். ஸ்கிரீனைக் கேஸ்கெட்டுக்குள் பொருத்தி, தண்ணீரில் நனைத்து, கையால் பள்ளத்தில் வைத்தேன். பிறகு பாஸ்கெட்டை எடுத்துவிட்ட வெறும் போர்ட்டாஃபில்டரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மேலே அழுத்தினேன். ஒரே மூச்சில் திருப்பினால் ஒரு பக்கம் மட்டும் ஏறும். எண்ணெயோ வாசலினோ தடவ வேண்டாம். ஈபிடிஎம் ரப்பர் அதில் உப்பிவிடும்.

8 மி.மீ. சிலிக்கோன் போட்டேன். கைப்பிடி நேர்க்கோட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. துளையில்லா பாஸ்கெட்: 9.5 பார், 20 வினாடியில் கிண்ணத்தில் ஒரு சொட்டும் இல்லை. அதே தூள், அதே அரைப்பு: 27 வினாடி, 9 பார்.

ஸ்கிரீனையும் மாற்ற வேண்டுமா?

ஊறிக் கழுவிய பிறகும் வெளிச்சத்தில் இருட்டாகத் தெரியும் இடங்கள் இருந்தால் மாற்றுங்கள். நெம்பும்போது வளைந்துவிட்டாலும் மாற்றுங்கள். வளைந்த ஸ்கிரீன் தண்ணீரை ஒரு பக்கமாகத்தான் விடும். வலை கிழிந்து தூள் மேலே போகிறது என்றாலும் அப்படியே. இவை எதுவும் இல்லையென்றால் பழையதே போதும். வழவழப்பான முகமுள்ள விலை உயர்ந்த ஸ்கிரீன்கள் இருக்கின்றன. துடைக்க எளிது என்பது உண்மைதான். ஆனால் அடைத்த ஸ்கிரீனைக் கழுவாமல் அதற்குப் பதில் அதை வாங்கிப் போட்டுவிட்டு ‘என்ன மாற்றம்!’ என்பவர்களிடம், பழையதை ஒரு முறை ஊறப்போட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

மெக்கானிக்கிடம் எப்போது?

துளையில்லா பாஸ்கெட்டில் முள் ஏறாவிட்டால். பம்ப் நின்ற பிறகும் ஸ்கிரீனிலிருந்து சொட்டினால். குரூப் பாய்லரோடு சேரும் இடத்தில், போர்ட்டாஃபில்டருக்கு மேலே பின்புறம் ஈரம் தெரிந்தால். அங்கே தனியாக ஒரு கேஸ்கெட் இருக்கிறது, அதை மாற்றக் குரூப்பையே இறக்க வேண்டும். 8.5 போட்டும் கைப்பிடி நேர்க்கோட்டைத் தாண்டினால் மேடையோ போர்ட்டாஃபில்டரின் காதுகளோ தீர்ந்துவிட்டன. அதற்கு முன் ஒன்று: யாரிடமாவது இன்னொரு போர்ட்டாஃபில்டரை வாங்கிப் பூட்டிப் பாருங்கள். அது சரியான இடத்தில் நின்றால் தேய்ந்தது உங்கள் போர்ட்டாஃபில்டர்தான், மெஷினை எங்கும் தூக்கிப் போக வேண்டாம்.

காபி முடிந்ததும் போர்ட்டாஃபில்டரை இறுக்கிப் பூட்டியே வைத்துவிடும் பழக்கம் எனக்கு இருந்தது. சூட்டோடு அழுந்தியே கிடந்தால் எந்தக் கேஸ்கெட்டும் சீக்கிரம் நசுங்கும். இப்போது சும்மா தொங்கும் அளவுக்கு மட்டும் மாட்டி வைக்கிறேன், அது சூடாக இருக்க அதுவே போதும். மாதம் ஒரு முறை ஸ்கிரீனை நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். சிலிக்கோன் போட்டு பதினெட்டு மாதம் ஆகிறது, கைப்பிடி இன்னும் நேர்க்கோட்டைத் தொடவில்லை.